ஒரே டேப்லெட், நாலு பேர், நாலு இன்பாக்ஸ்: மெயில்கள் கலக்காமல் பிரித்து வைப்பது எப்படி

அக்காவுக்கு ஒரு நேர்காணல் அழைப்பு மெயிலில் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. வீட்டு டேப்லெட்டில் அவளுடைய ஜிமெயில் கணக்கும் இருந்தது, என்னுடையதும் இருந்தது, அம்மாவுடையதும் இருந்தது. அந்த நேரத்தில் டேப் என் மகன் கையில். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல் ஓரத்தில் அறிவிப்பு வந்து மறைத்ததும், அதன் அடியில் இருந்த "Archive" என்ற சொல்லைத் தட்டிவிட்டு அவன் வீடியோவுக்குத் திரும்பிவிட்டான். அவ்வளவுதான். மெயில் இன்பாக்ஸிலிருந்து போய்விட்டது. டேப்பில் மட்டுமல்ல, அக்காவின் போனிலும் போய்விட்டது. ஏனென்றால் ஆர்க்கைவ் செய்வது கணக்கிலேயே நடக்கிற செயல், அந்தக் கருவியில் மட்டும் நடப்பது அல்ல. இரண்டு நாள் கழித்து "All mail" என்ற பகுதியில் தேடிக் கண்டுபிடித்தோம். நேர்காணல் தேதி தாண்டவில்லை, தப்பித்தோம்.

அன்றைக்கு இரவே உட்கார்ந்து டேப்பை ஆளுக்கொரு யூசராகப் பிரித்தேன். அதை எப்படிச் செய்வது, எந்த வரிசையில் செய்தால் எதுவும் தொலையாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முக்கியமாக ஆண்ட்ராய்டு டேப்லெட்டை வைத்துச் சொல்கிறேன். ஐபேட் கதை வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

கலப்பது எங்கே நடக்கிறது

பலரும் ஜிமெயில் ஆப்பின் மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தட்டி, "Add another account" கொடுத்து, வீட்டில் உள்ள எல்லாருடைய கணக்கையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். பார்க்க அது மெயில் ஆப்புக்குள் நடக்கும் வேலை போலத்தான் தெரியும். உண்மையில் கூகுள் கணக்கு போய் உட்காருவது டேப்லெட்டின் கணக்குப் பட்டியலில். அங்கே சேர்ந்ததும் அந்தக் கணக்கின் தொடர்பு எண்கள், காலண்டர் என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வரும். யூடியூப், பிளே ஸ்டோர் எல்லாம் அந்தக் கணக்கையும் தேர்வாகக் காட்டத் தொடங்கும். அம்மாவின் மருத்துவர் சந்திப்பு என் காலண்டரில் தெரிவதும், நான் தேடுகிற பெயருக்கு அக்காவின் நண்பர்கள் பட்டியல் வருவதும் இதனால்தான்.

இதைவிடச் சங்கடமானது மெயில் அனுப்பும்போது நடப்பது. புது மெயில் எழுதத் தொடங்கினால் மேலே "From" என்ற வரியில் ஒரு முகவரி இருக்கும். கடைசியாக எந்தக் கணக்கைத் திறந்து வைத்திருந்தோமோ, பெரும்பாலும் அதுதான் அங்கே நிற்கும். யாரும் அந்த வரியைப் பார்ப்பதில்லை. "To" வரியில் பெயர் சரியா என்று இரண்டு முறை பார்ப்போம், "From" வரியைத் தாண்டிப் போய்விடுவோம். அப்படித்தான் அம்மாவின் முகவரியிலிருந்து என் அலுவலகத்துக்கு விடுப்பு மெயில் போகிறது.

ஆக, ஜிமெயில் ஆப்புக்குள் அமைப்புகளை மாற்றி இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒரே அறைக்குள் திரை கட்டுவது போலத்தான் இருக்கும். அறையையே பிரிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த அறைக்குப் பெயர் யூசர். 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 பதிப்பிலேயே டேப்லெட்டுகளுக்கு இந்த வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு யூசருக்கும் தனிக் கணக்குப் பட்டியல், தனி ஆப் தரவு, தனிக் கோப்புகள், தனிப் பூட்டு. ஒருவர் அறையில் இருக்கும் மெயிலை இன்னொருவர் தன் அறையிலிருந்து பார்க்க வழியில்லை.

உங்கள் டேப்பில் இந்த வசதி இருக்கிறதா

Settings-ஐத் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் Users என்று தட்டிப் பாருங்கள். பொதுவான ஆண்ட்ராய்டில் அது "System" என்பதற்குள் "Users" அல்லது "Multiple users" என்ற பெயரில் இருக்கும். சாம்சங் டேப்லெட்டில் "Accounts and backup" என்பதற்குள் "Users" இருக்கும். உள்ளே போனதும் மேலே ஒரு பொத்தான் அணைந்திருந்தால் அதை இயக்குங்கள்.

தேடியும் வரவில்லை என்றால், டேப்பைத் தயாரித்த நிறுவனம் அந்த வசதியை எடுத்துவிட்டிருக்கலாம். அப்படியானால் ஐபேடுக்குச் சொல்லும் வழியையே நீங்களும் பின்பற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள்: Settings-இல் "Storage". ஒரு ஆப்பை இரண்டாவது யூசர் நிறுவும்போது ஆப் மறுபடி முழுதாக இடம் பிடிக்காது, அந்தக் கோப்பு ஏற்கெனவே கருவியில் இருக்கிறது. ஆனால் ஆப்புக்குள் சேரும் தரவு, அதாவது மெயில்கள், இணைப்புகள், படங்கள், ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சேரும். 32 ஜிபி டேப்பில் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தால் முதலில் இடம் ஒழித்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் நாலாவது ஆள் சேரும்போது டேப் திணறும்.

முதல் யூசர் யார்

டேப்பை முதன்முதலில் இயக்கியபோது யார் கணக்கில் அமைத்தோமோ, அவர்தான் உரிமையாளர். இவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரங்கள் உண்டு. மற்ற யூசர்களை நீக்கலாம், நீக்கினால் அவர்கள் தரவு முழுவதும் அழியும். டேப்பையே முழுதாகத் துடைத்துப் புதிதாக்கலாம். மற்றவர்கள் மெயிலைப் படிக்க முடியாது, ஆனால் அழிக்க முடியும் என்பதை மனதில் வையுங்கள்.

அதனால் உரிமையாளர் அறை சிறுவர் கையில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்திருந்தது. டேப்பைத் திறந்தாலே என் அறை, அதில் பூட்டும் இல்லை, எல்லாரும் அங்கேயே புழங்கினோம். உரிமையாளர் அறைக்கு ஒரு பின் எண்ணோ பாஸ்வேர்டோ போட்டு, அதை வீட்டில் இன்னொரு பெரியவருக்கு மட்டும் சொல்லி வைப்பது நல்லது. மற்றவர்களுக்கு அந்த எண் தேவைப்படாது.

புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் ஒருவரைச் சேர்க்கும்போது, அவருக்கும் நிர்வாக அதிகாரம் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

ஒவ்வொருவராகச் சேர்ப்பது

எங்கள் வீட்டு நிலவரத்தையே எடுத்துக்கொள்கிறேன். உரிமையாளர் நான். சேர வேண்டியவர்கள் அம்மா, அக்கா, மகன். பழைய நிலையில் என் அறைக்குள் மூன்று கூகுள் கணக்குகள். மகனுக்கு மெயில் கணக்கே இல்லை.

இங்கே ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றாதீர்கள். முதலில் புது அறையை உருவாக்க வேண்டும், அங்கே கணக்கைத் திறந்து மெயில் வருவதை உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் பழைய அறையிலிருந்து கணக்கை எடுக்க வேண்டும். ஆர்வத்தில் பழையதை முதலில் எடுத்துவிட்டால், பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். அம்மா விஷயத்தில் நான் நல்லவேளையாக முதலில் புது அறையில் முயன்றேன். அவருக்குப் பாஸ்வேர்டு நினைவில்லை. பழைய அறையில் அவருடைய இன்பாக்ஸ் இன்னும் திறந்தே இருந்ததால், நிதானமாகப் புதுப் பாஸ்வேர்டு வைக்க முடிந்தது.

"Users" பக்கத்தில் "Add user" தட்டுங்கள். சேரப்போகிறவர் பக்கத்திலேயே இருக்கிறாரா என்று டேப் கேட்கும், ஏனென்றால் அடுத்து வருவதை அவரேதான் செய்ய வேண்டும். "Set up now" கொடுத்ததும் திரை மாறி, புது டேப்பை முதன்முதலில் திறந்தது போன்ற பக்கங்கள் வரும். வைஃபையைத் திரும்ப இணைக்க வேண்டியதில்லை, அது எல்லாருக்கும் பொது. கூகுள் கணக்கு கேட்கும் இடத்தில் அவருடைய முகவரியை அவரே தட்டட்டும். அவருடைய போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், உள்ளே நுழைவது நீங்கள்தானா என்ற கேள்வி அங்கே வரும், அல்லது குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வரும்.

பின்னர் பூட்டு. "இப்போது வேண்டாம்" என்று தாண்டிப் போகும் வழி இருக்கும், தாண்டாதீர்கள். பூட்டு இல்லாத யூசர் என்பது கதவே இல்லாத அறை. மேலிருந்து இழுத்து, பெயரைத் தட்டி, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடலாம். அம்மாவுக்கு நாலு இலக்கப் பின் எண் போதும். டேப்பில் கைரேகை வசதி இருந்தால் அவரவர் அறையில் அவரவர் விரலைப் பதிந்துகொள்ளலாம். உங்கள் அறையில் மற்றவர் விரலைப் பதிந்து வைத்திருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அறை திறந்ததும் ஒரு சில அடிப்படை ஆப்கள் மட்டும் இருக்கும். அம்மா பயப்பட்டார், "எல்லாம் போயிடுச்சா?" என்று. எதுவும் போகவில்லை, வேண்டியதை அவர் கணக்கில் பிளே ஸ்டோரிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எழுத்தின் அளவும் அறைக்கு அறை தனி. அம்மாவின் அறையில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன், என் அறையில் அது மாறவில்லை. இத்தனை நாள் அவர் என் சின்ன எழுத்தில்தான் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மகனுக்கு மெயில் இல்லாததால் கணக்கு கேட்கும் பக்கத்தைத் தாண்டிவிடலாம். பிளே ஸ்டோர் மட்டும் வேலை செய்யாது. சிறுவர்களுக்குத் தனி அறை போட்டுக் கணக்கு இல்லாமல் விடுவதே, மெயில் கலக்காமல் இருக்கப் பாதி வேலையை முடித்துவிடும்.

அக்காவுக்குக் கூகுள் கணக்கோடு, வேறொரு நிறுவனத்தின் மெயிலும் இருந்தது. அதை ஜிமெயில் ஆப்பிலேயே "Other" என்று சேர்க்கலாம். அங்கே ஐமேப்பா, பாப்3-ஆ என்று கேட்கும். ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், டேப் அதன் நகலைத்தான் காட்டும். பாப்3-இல் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடும் வாய்ப்பு உண்டு. அப்புறம் அந்த மெயில் இருக்கும் ஒரே இடம் இந்த டேப்பில் இந்த யூசர். அந்த யூசரை யாராவது நீக்கினால் மெயிலும் போச்சு. சர்வர் எண்களைக் கேட்டால், ஐமேப்புக்குப் பாதுகாப்பான போர்ட் 993. அனுப்புவதற்கு 465 அல்லது 587, எது என்று அந்த மெயில் நிறுவனத்தின் உதவிப் பக்கம் சொல்லும்.

அலுவலக மெயிலைச் சேர்க்கும்போது, கருவியை நிர்வகிக்கும் உரிமை வேண்டும் என்று ஒரு பக்கம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொலைவிலிருந்து பூட்டவும் அழிக்கவும் அலுவலகம் கேட்கும் உரிமை அது. பொதுவில் புழங்கும் டேப்பில் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பழைய அறையைக் காலி செய்வது

அம்மாவின் புது அறையில் அவருக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, அது வந்ததைப் பார்த்த பிறகு என் அறைக்குத் திரும்பினேன். அறை மாற, திரையின் மேலிருந்து இரண்டு முறை கீழே இழுத்தால் ஓரத்தில் யூசர் படம் தெரியும், அதைத் தட்டினால் பெயர்கள் வரும்.

கணக்கை நீக்கும் முன் நாலைந்து நிமிடம் செலவழித்துச் சிலவற்றைப் பார்க்க வேண்டும். நீக்குவதால் சர்வரில் உள்ள மெயில் எதுவும் அழியாது, இந்த அறையிலிருந்து மட்டுமே கணக்கு விலகும். ஆனால் சர்வருக்கு இன்னும் போய்ச் சேராதது அழியும். ஜிமெயில் ஆப்பில் அந்தக் கணக்கைத் திறந்து "Outbox" பாருங்கள். இணையம் இல்லாத நேரத்தில் அனுப்பிய மெயில் ஏதாவது அங்கே தேங்கியிருந்தால் முதலில் போகவிடுங்கள். "Drafts" பகுதியில் அரைகுறையாக எழுதியது இருந்தால், அது அவருடைய போனிலும் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, இறக்கி வைத்த இணைப்புகள். அம்மாவின் மெயிலில் வந்த மருத்துவ அறிக்கைகளை என் அறையில் இருந்தபடி இறக்கியிருந்தோம். அந்தக் கோப்புகள் என் "Downloads" பகுதியில்தான் இருக்கும், கணக்கை நீக்கினாலும் அங்கேயே கிடக்கும். அவற்றை அம்மாவின் அறையிலிருந்து எட்டி எடுக்க முடியாது. அவருக்கு மெயிலில் அனுப்பிவிட்டோ, அவருடைய டிரைவில் ஏற்றிவிட்டோ, என் அறையிலிருந்து அழிக்க வேண்டும். தொடர்பு எண்களிலும் இதே சிக்கல் உண்டு. "Device" என்று குறித்துச் சேமித்த எண்கள் எந்தக் கணக்கிலும் இல்லை, என் அறையில் மட்டும் இருக்கின்றன. அவற்றையும் அவருக்குப் பகிர்ந்துவிடுங்கள்.

இதெல்லாம் ஆனதும் Settings-இல் "Passwords & accounts" திறந்து, அம்மாவின் முகவரியைத் தட்டி, "Remove account". சில பதிப்புகளில் இந்தப் பக்கத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும். சாம்சங்கில் "Accounts and backup" உள்ளே "Manage accounts". பிறகு அக்காவின் கணக்குக்கும் இதையே செய்தேன்.

முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் என் அறையில் மறுபடி அக்காவுக்கு வந்த மெயிலின் அறிவிப்பு! இதில்தான் பலரும் மாட்டுவார்கள். அக்கா எப்போதோ அந்த இன்னொரு மெயிலைக் குரோம் உலாவியில் திறந்து, "அறிவிப்பு அனுப்பலாமா" என்று அந்தத் தளம் கேட்டதற்குச் சரி என்று கொடுத்திருந்தாள். கணக்குப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது உலாவியில் தங்கிய நுழைவு. இப்படி வரும் அறிவிப்பின் தலையில் ஜிமெயில் பெயருக்குப் பதிலாகக் குரோம் பெயரும் தளத்தின் முகவரியும் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். குரோமில் அந்தத் தளத்துக்குப் போய் வெளியேறுங்கள். பிறகு குரோமின் Settings-இல் "Site settings", அதற்குள் "Notifications" பார்த்து அந்தத் தளத்தின் அனுமதியை எடுங்கள். குரோம் சேமித்து வைத்த அக்காவின் பாஸ்வேர்டு இருந்தால் அதையும் அழியுங்கள்.

அறிவிப்புகள்: எது வரும், எது வராது

அறைகள் பிரிந்த பிறகு, திரையில் யார் அறை திறந்திருக்கிறதோ அவருடைய மெயில் அறிவிப்பு மட்டுமே வரும். மகன் தன் அறையில் வீடியோ பார்க்கும்போது அக்காவுக்கு மெயில் வந்தால் அது அவனுக்குத் தெரியாது. அக்கா தன் அறைக்கு வந்து திறக்கும்போது காத்திருக்கும். நாம் கேட்டது இதைத்தான். அதற்கு ஒரு விலையும் உண்டு: டேப் வேறொருவர் அறையில் இருக்கும்வரை உங்கள் மெயில் வந்ததே உங்களுக்குத் தெரியாது. உடனே தெரிய வேண்டிய மெயிலுக்கு உங்கள் போனையே நம்புங்கள்.

பூட்டுத் திரையில் மட்டும் ஒரு ஓட்டை இருக்கிறது. டேப்பைக் கடைசியாக யார் பயன்படுத்தி மூடி வைத்தாரோ, அவர் அறையின் பூட்டுத் திரைதான் நிற்கும். அவருக்கு வரும் மெயிலின் தலைப்பும் முதல் வரியும் மேசையில் கிடக்கும் டேப்பில் எல்லார் கண்ணிலும் படும். இதை அடைக்க ஒவ்வொருவரும் தன் அறையில் Settings-இல் "Notifications" திறந்து, பூட்டுத் திரை பற்றிய பகுதியில் முக்கியமான உள்ளடக்கத்தை மறைக்கும்படி வைக்க வேண்டும். இந்த அமைப்பு அறைக்கு அறை தனி, நீங்கள் உங்கள் அறையில் செய்தது அம்மாவுக்குச் செல்லாது. நாங்கள் நாலு அறையிலும் ஒருமுறை செய்துவிட்டோம்.

ஜிமெயில் ஆப்பின் Settings-இல் கணக்கைத் தட்டினால், எல்லா மெயிலுக்கும் அறிவிப்பா, முக்கியமானதற்கு மட்டுமா, எதுவும் வேண்டாமா என்று கேட்கும் இடம் இருக்கும். அதே பக்கத்தில் "Days of mail to sync" என்று ஒன்று உண்டு, வழக்கமாக 30 நாள் என்றிருக்கும். இடம் குறைந்த டேப்பில் இதை 7 ஆக்கிவிடலாம். பழைய மெயில் அழியாது, தேடினால் சர்வரிலிருந்து வரும்.

அம்மா ஒரு நாள், "எனக்கு மெயிலே வரல" என்றார். பார்த்தால் முந்தைய நாள் டேப்பை அணைத்து இயக்கியிருந்தோம். டேப் மறுபடி இயங்கும்போது ஒவ்வொரு யூசரின் தரவும் குறியாக்கப்பட்டுப் பூட்டியே இருக்கும். அவரவர் ஒருமுறை பின் எண் போட்டுத் திறந்தால்தான் அந்த அறையின் மெயில் ஆப் வேலையைத் தொடங்கும். அம்மா திறந்த அரை நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு மெயில்கள் மொத்தமாக வந்து விழுந்தன. நிறைய பேர் இருக்கும் டேப்பில், வெகு நேரம் தொடாத அறையை டேப்பே நிறுத்தி வைப்பதும் உண்டு. எனவே திறந்ததும் மெயில் மொத்தமாக வந்தால் அது கோளாறு அல்ல. திறந்து சில நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் ஜிமெயில் Settings-இல் அந்தக் கணக்கின் "Sync Gmail" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குப் பொதுவான முகவரி

மின்கட்டண ரசீது, பள்ளி அறிவிப்பு இவற்றுக்கென்று பொதுவாக ஒரு முகவரி வைத்திருந்தால், அதை இரண்டு பெரியவர்களின் அறையில் மட்டும் சேருங்கள். ஒருவர் படித்தால் மற்றவருக்கும் படித்ததாகவே காட்டும், அதனால் "நீ பார்த்திருப்பாய்" என்று இருவரும் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. நானும் அக்காவும் வைத்திருக்கும் ஏற்பாடு: இன்னும் வேலை முடியாத மெயிலுக்கு நட்சத்திரம், முடித்தவர் நட்சத்திரத்தை எடுப்பார். நட்சத்திரமும் கணக்கிலேயே பதிவதால் இரண்டு அறையிலும் ஒரே மாதிரி தெரியும். பொது முகவரி இருக்கும் அறைகளில் மட்டும் "From" வரியைப் பார்க்கும் பழக்கம் இன்னும் தேவைப்படும்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு

வீட்டில் பயன்படுத்தும் ஐபேடில் ஆளுக்கொரு யூசர் என்ற வசதி கிடையாது. பள்ளிகளும் நிறுவனங்களும் நிர்வகிக்கும் ஐபேடுகளுக்கு மட்டும் பகிர்வு முறை உண்டு. அதனால் இங்கே நம்மால் முடிவது அறிவிப்பைப் பிரிப்பது மட்டும்தான், மெயிலை மறைப்பது அல்ல. ஐபேட் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் எல்லா இன்பாக்ஸையும் திறக்கலாம்.

அதை ஒப்புக்கொண்டுதான் அமைக்க வேண்டும். Settings-இல் "Notifications", அதற்குள் Mail, அதற்குள் "Customize Notifications" போனால் ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக அறிவிப்பை இயக்கலாம், அணைக்கலாம். டேப்பை அதிகம் பயன்படுத்துபவரின் கணக்குக்கு மட்டும் வைத்து மற்றதை அணையுங்கள். Mail அமைப்புகளில் "Default Account" யாருடையது என்றும் பாருங்கள், புது மெயில் பெரும்பாலும் அந்த முகவரியிலிருந்துதான் கிளம்பும். இன்னும் கொஞ்சம் நேர்த்தி வேண்டுமென்றால் Focus பகுதியில் ஆளுக்கொரு ஃபோகஸ் உருவாக்கி, "Add Filter" கொடுத்து Mail தேர்ந்தெடுத்து, அவருடைய கணக்கை மட்டும் குறிக்கலாம். அந்த ஃபோகஸ் இயங்கும்வரை Mail ஆப்பில் அந்த இன்பாக்ஸ் மட்டும் தெரியும். ஆனால் ஒரே தட்டில் அதை அணைத்துவிடலாம். அந்தரங்கமான மெயில் கணக்கு எதையும் பொதுவான ஐபேடில் சேர்க்காமல் விடுவதே மேல் என்பேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை

ஒரு போனை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள். தலைப்பிலேயே பெயரை எழுதுங்கள்: "சோதனை அம்மா", "சோதனை அக்கா" என்று. பிறகு டேப்பில் ஒவ்வொரு அறையாகப் போய், அந்த அறைக்குரிய பெயர் மட்டும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெயர் தெரிந்தால் அந்தக் கணக்கு இன்னும் அங்கே தங்கியிருக்கிறது, கணக்குப் பட்டியலையும் உலாவியையும் மறுபடி பாருங்கள். அடுத்து ஒவ்வொரு அறையிலிருந்தும் அந்தப் போனுக்கு ஒரு பதில் அனுப்பி, அனுப்புநர் முகவரி சரியா என்று பாருங்கள். கடைசியாக டேப்பை அணைத்து இயக்கி, அம்மா தானாகவே தன் பெயரைத் தட்டி, பின் எண் போட்டு உள்ளே போகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது முறைதான் அவர் தானாகப் போனார்.